மூன்றாவது படிவம்

"எடுக்கிறீங்களா, மாத்துறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா. சாயங்காலத்துக்குள்ள கட்டுக் கட்டி அனுப்பணும்."

சம்பளக் கிளார்க் தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்னால், சோப்பு மூட்டைகள் அடுக்கிய அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதுதான் ஆபீஸ். வந்தவர்கள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். ரோலர்க்காவுக்கு அது புதிதல்ல. இருபத்துநாலு வருஷமாக நின்றுகொண்டேதான் இருக்கிறாள். ஈரப் போர்வையைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் காய்ந்து வருவதை வாங்குவது அவள் வேலை.

"எடுக்கத்தான்" என்றாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

கான்ட்ராக்ட் எடுத்தவர் மாறினால் கூடத்தில் எதுவும் மாறாது. அதே உருளை, அதே ஆட்கள். சட்டையின் முதுகில் கம்பெனி பெயர் மட்டும் வேறாகும். ஆனால் பழைய கம்பெனியின் கணக்கில், 'வேலையை விட்டாயிற்று' என்று எழுதிவிடுவார்கள். அப்போதுதான் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுக்க வழி பிறக்கும்; வேண்டாமென்றால் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிவிடலாம். ஒன்பதாம் வருஷம் அப்படி எடுத்தாள். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன். பதினாறாம் வருஷம் எடுத்தாள். மகளுக்கு நர்ஸிங் படிப்பு. இப்போது மூன்றாவது முறை. வாடகை வேன் ஓட்டும் கணவருக்குச் சொந்தமாக ஒரு பழைய வேன். முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அவர் வாசலில்தான் காத்திருந்தார்.

பேனாவை எடுத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"தள்ளுடி கொஞ்சம். என் பி.எஃப். சீட்டைப் பாத்துட்டு நீ கையெழுத்துப் போடு."

நெட்டை. அவளோடு ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் சேர்ந்தவள். ஐம்பத்தெட்டு முடிந்து இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறாள்.

"கிளார்க்கு, இதுல பூஜ்யம் ஏதாவது கூடப் போட்டுட்டியாப்பா? பதினொரு லட்சத்து நாப்பத்தேழாயிரம்னு இருக்கு."

"சரியாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படிடி இவ்வளவு?" ரோலர்க்கா பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கு மூணே கால் லட்சம்தான இருக்கு? ராத்திரி ஷிஃப்டுல தனியா எதுவும் பாத்தியா?"

"ஆமா, போர்வையைத் திருடி வித்தேன். போடி! எல்லாம் என் அப்பன் புண்ணியம். பள்ளிக்கூடத்துல வாய்க்கு வந்த பிறந்த தேதியச் சொல்லி வெச்சான். நானும் ரெண்டு தடவை எடுக்கத்தான் எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டையில ஒரு தேதி, கம்பெனியில ஒரு தேதின்னு ரெண்டு தடவையும் பி.எஃப். ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டான். யாரு அலையிறது? புது கம்பெனிக்கே மாத்தி விட்ருங்கன்னுட்டேன். புது கம்பெனியிலயும் அதே தப்புத் தேதிதான, அது பாட்டுக்குப் போயிடுச்சு. போன வருஷம்தான் திருத்தினேன். திருத்தினதுல ரெண்டு வயசு கூடிப்போச்சு, அது வேற."

கிளார்க் சிரித்தார். ரோலர்க்கா சிரிக்கவில்லை.

"ஒரே சம்பளம்தான தம்பி எங்களுக்கு? அவ போட்டதைத்தான நானும் போட்டேன்?"

"போட்டீங்க. உங்க சம்பளத்துல நூத்துக்குப் பன்னெண்டு பிடிச்சோம். கம்பெனி தன் பங்குக்கு அதே பன்னெண்டு போட்டுச்சு. அதுல பென்ஷனுக்குப் போனது போக ரெண்டும் உங்க பணம்தான். அதுக்கு வருஷா வருஷம் வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி. நீங்க மொத தடவை எடுத்தீங்களே ஒண்ணரை லட்சம், அது கணக்குலயே கிடந்திருந்தா இன்னைக்கு அஞ்சு லட்சம் ஆயிருக்கும். எடுத்ததும் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சீங்க. அப்புறம் இன்னொரு தடவை."

"கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை" என்றாள் ரோலர்க்கா.

"தேயலக்கா. வளர விடல."

மாமியார் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு பதினொரு வருஷம் நடந்தாள். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? மகள் இன்று சொந்தக் காலில் நிற்கிறாள். அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

"எனக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு தம்பி. இப்ப எடுத்தா கடைசியில என்ன நிக்கும்?"

கிளார்க் கால்குலேட்டரைத் தட்டினார். "இதே மாதிரி சம்பளம் ஏறி, வட்டியும் இதே மாதிரி இருந்தா, மூணரைக்குக் கொஞ்சம் கீழ."

"மாத்தி விட்டா?"

"எட்டரை."

"நான் சொல்றதச் சொல்லிட்டேன்" என்று நெட்டை சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள். எடு என்றோ எடுக்காதே என்றோ அவள் சொல்லவே இல்லை, சீட்டைக் காட்டியதோடு சரி.

"அரை மணி நேரம் கொடு தம்பி" என்று சொல்லிவிட்டு ரோலர்க்கா வாசலுக்குப் போனாள்.

கணவர் வேனின் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டியா?"

"இல்லங்க."

"பேனா எழுதலையா?"

"நான் மாத்தி விடப்போறேன். எடுக்கல."

அவர் நீவுவதை நிறுத்தினார். "முன்பணம் கொடுத்தாச்சும்மா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தினம் ஓட்டுறதுல பாதி வாடகைக்கே போகுது. அதுவும் தெரியும்."

"தெரியுங்க. கால் வலிக்குது எனக்கு. அம்பத்தெட்டுல உக்காரணும்னு பாக்குறேன். இப்ப எடுத்தா அன்னைக்கு மூணரைகூட இருக்காது. அப்புறமும் எங்கயாவது போய் நிக்கத்தான் வேணும்."

"வேன் சம்பாதிக்கும்ல?"

"பழைய வேனுங்க. ஆறு வருஷத்துல அதுக்கும் நம்ம வயசு ஆயிடும்."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முப்பது வருஷமா ஓட்டுறேன். உனக்கு நீ பன்னெண்டு போட்டா எதிர்ல ஒருத்தன் பன்னெண்டு போடுறான். எனக்கு எவன் போட்டான்? நான் ஒதுக்கி வெச்சதும் இல்ல, எனக்குன்னு ஒதுக்கினவனும் இல்ல."

அவள் அவர் பக்கத்தில், படியில் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு யாரும் போடல. அதனாலதான் இதைத் தொட வேணாங்கிறேன். வயசான காலத்துல நம்ம ரெண்டு பேருக்கும் மொத்தமா வர்ற ஒரே பணம் இதுதான். நீங்க தனியா, நான் தனியாவா சாப்பிடப்போறோம்?"

"மொத ரெண்டு தடவை நீ இப்படிச் சொல்லலையே."

"அப்ப கால் வலிக்கல."

உள்ளே உருளை கிளம்பும் சத்தம் கேட்டது; இடைவேளை முடிந்துவிட்டது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாடகை வேன்ல இன்னும் ஆறு வருஷமா?" என்றார், அவளிடமா தன்னிடமா என்று தெரியாமல்.

"எனக்கும் ஆறு வருஷம்தாங்க."

மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் திரும்பும்போது, சோப்பு மூட்டைகளுக்கு மேலிருந்த ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. போனில் வேன் தரகரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே, வேன் வேணாம்... முன்பணத்துல பாதியாவது பாத்துக் குடுங்க... ஐயோ, வீட்ல சண்டையெல்லாம் இல்லண்ணே. அவமேல தப்பு ஒண்ணும் இல்ல. அது அவ நின்னு சம்பாதிச்ச பணம்... சரி, கால்வாசியாவது குடுங்க."