ஆறினால் இறுகும்

என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா ஞாபகம் வரும். "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" இரண்டே கேள்வி, அதோடு சரி. மீதி ஆறு நாளும் நானும் சுவரும்தான் பேசிக்கொள்வோம்.

திடீரென்று ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தாள். வீட்டில் இனிப்பு செய்து விற்கிறாளாம். வெள்ளிக்கிழமைக்கு நாற்பது சாக்லேட் துண்டு, நாற்பது பிஸ்கட் உருண்டை ஆர்டர். அதற்கு வேண்டிய கண்டென்ஸ்டு மில்க் டப்பா கடையில் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது, நீ செய்வியேம்மா, சொல்லு என்றாள்.

சொன்னேன். முக்கால் கப் சர்க்கரையை அரை கப்புக்கும் குறைவான வெந்நீரில் கரைத்து, வெதுவெதுப்பானதும் இரண்டு ஸ்பூன் நெய் விட்டு, ஒரு கப் பால் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிக்ஸியில் அடி. எல்லாம் சொன்னேன். அடித்ததும் தண்ணியாகத்தான் இருக்கும், ஆறினால்தான் இறுகும் என்பதை மட்டும் சொல்ல மறந்துபோனேன். முதல் நாள் சத்தியமாக மறதிதான்.

செவ்வாய் பதினொன்றுக்கு மறுபடி போன். "தண்ணியா ஓடுதும்மா. இன்னும் ரெண்டு கப் பவுடர் போட்டேன், மாவு மாதிரி ஆயிடுச்சு."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். "சர்க்கரை சரியா கரையலையோ என்னவோ. நாளைக்குப் பண்ணிட்டு கூப்பிடு" என்றேன். பாவிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று முக்கால் மணி நேரம் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரி சண்டை, மாப்பிள்ளையின் குறட்டை, எல்லாம் சொன்னாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

புதன்கிழமை அவளே அதை அடுப்பில் வைத்துக் காய்ச்சியிருக்கிறாள். அடிப்பிடித்துப் பழுப்பாகிவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராதும்மா, ஆர்டர வேணாம்னு சொல்லிடறேன்" என்று மூக்கை உறிஞ்சினாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பத்தரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எடுத்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். பதினொன்றுக்கு அடித்தது.

"அம்மா, வந்துடுச்சும்மா! நேத்து சாயங்காலம் கடைசியா ஒரு தடவ அடிச்சேன். அதுவும் தண்ணி. வெறுத்துப்போய் அப்படியே வெச்சிட்டு படுத்துட்டேன். காலைல பார்த்தா கரண்டில ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆறினாதான் இறுகும் போல. அத வெச்சு சாக்லேட் கிளறி துண்டு போட்டுட்டேன், கத்திக்கு அழகா வருது."

"நல்லதுடி" என்றேன்.

"நீ சொல்லவே இல்லியேம்மா. மறந்துட்டியா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முப்பது வருடம் பள்ளிக்கூட கேண்டீனில் இந்தப் பாலை இதே கையால் அடித்தவள் நான். என்னைப் பார்த்து மறதி என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு.

"ஆமாடி, மறந்துட்டேன்."

"பரவால்ல, வயசாவுதுல்ல" என்றாள். குரலில் அவ்வளவு பாசம். "பாவம், நாலு நாளா உன்னப் போட்டுப் படுத்திட்டேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேம்மா."