எழுத்துத் தமிழில் கோபித்துக்கொள்பவர்

என் கணவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். எழுத்துத் தமிழுக்குப் போய்விடுவார். "சாப்பாட்டுல உப்பு கம்மி" என்றால் வீட்டில் எல்லாம் நலம். "உணவில் உப்பு குறைவாக உள்ளது" என்றால், அன்றைக்கு நானும் மகளும் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. வானொலியில் செய்தி வாசிப்பவருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான். இப்போது அவர் இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் நானே எழுந்து போட்டுக்கொள்கிறேன். ஒரு தடவை "குறைவாக உள்ளது" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

அவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. வாய்க்கு முன்னால் எதையாவது நீட்டினால் போதும், குரல் இறங்கி, முதுகு நிமிர்ந்து, செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார். டெலிபோன் ரிசீவரும் அவருக்கு மைக்தான். "வணக்கம். தாங்கள் யார் பேசுகிறீர்கள்?" என்பார். ஒருமுறை பால்காரர் அதைக் கேட்டு மிரண்டு, "மன்னிக்கணும், ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். மறுநாள் எங்களுக்குப் பால் இல்லை.

கேட்டால் அதற்கு ஒரு நியாயம் வைத்திருப்பார். "செய்தி யாரோ ஒருத்தர் வீட்டுப் பேச்சு இல்ல. எல்லாருக்கும் பொது. அதுக்கு எழுத்துத் தமிழ்தான் சரி. நாடகம்னா பேசற மாதிரியே எழுதணும், இல்லன்னா காதலன் காதலிக்கு நோட்டீஸ் குடுக்கற மாதிரி இருக்கும்."

"வீட்டுக்கு?"

"வீட்டுக்கு எதுக்குடி சட்டம்?"

சட்டம் இருந்தது. அதை எழுதியவருக்குத்தான் தெரியவில்லை. மகள் படிப்பை முடித்ததும் நிலையத்திலேயே அறிவிப்பாளர் வேலைக்கு அவளை விண்ணப்பிக்கச் சொன்னார். அவளுக்கு அவர் குரல் அப்படியே வந்திருந்தது. ஆனால் அவளோ வெளியூரில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியோடு வாசலில் நின்றவளிடம் இவர், "நீ எடுத்த முடிவு. இனி எல்லாம் உன் விருப்பம்" என்றார். செய்தி முடிந்தது. அவள் படியிறங்கினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடு போனில் பேசுவாள். அப்பாவைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள். இவரும் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார்.

அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. நிலையத்தில் விழா எடுப்பதாகச் சொன்னார்கள். மேஜையில் உட்கார்ந்து மகளுக்குக் கடிதம் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

"அன்புள்ள மகளுக்கு, நலம். நலமறிய அவா. இம்மாத இறுதியில் எனக்குப் பணி நிறைவு விழா நடைபெற உள்ளது. நீ வந்தால் மகிழ்வேன். எனினும், வருவதும் வராததும் உன் விருப்பம்."

"இதென்ன கடுதாசியா, அரசாணையா?" என்றேன்.

"கடுதாசிய இப்படித்தான் எழுதுவாங்க. ஊர் உலகத்துல கேட்டுப் பாரு."

ஊர் உலகத்தில் அது சரிதான். வேறு எந்த வீட்டு மகளும் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருப்பாள். எங்கள் வீட்டில் அந்தத் தமிழுக்கு அர்த்தமே வேறு. நாலாம் நாள் பதில் வந்தது. "கடிதம் கிடைத்தது. விடுப்பு கிடைக்கவில்லை. வர இயலாமைக்கு வருந்துகிறேன்." தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இங்கே பாய்ந்தது தகப்பன்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சண்டை போட்டேன். "அம்மா, அவரு இன்னும் கோவமாத்தான் இருக்காரு. 'உன் விருப்பம்'னு எழுதியிருக்காரு பாரு. வாசல்லயும் இதையேதான் சொன்னாரு" என்று அழுதாள்.

பேச்சுத் தமிழில் எழுதினால் நம்புவாள் என்று எனக்குத் தோன்றியது. அவரைச் சொல்லச் சொல்லி நான் எழுதினேன். "கண்ணு, நீ வராம எனக்கு விழாவே வேணாம். எப்ப வர்ற, சொல்லு." இதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. கையெழுத்தை மட்டும் அவரே போட்டார். கடிதம் போய்ச் சேர்ந்ததும் மகள் போனில் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீயே எழுதி அவருகிட்ட கையெழுத்து வாங்கிட்டியா? அப்பா என்னைக்கு இப்படி எழுதியிருக்காரு?"

எழுத்துத் தமிழில் எழுதினால் கோபம். பேச்சுத் தமிழில் எழுதினால் பொய். நீயே பேசு என்று ரிசீவரை அவர் கையில் கொடுத்தால், "வணக்கம்" என்று ஆரம்பித்துவிடுவார். தலையில் அடித்துக்கொண்டேன். விழாவுக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி இருந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம் நான் மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது இவர் முகம் கழுவிக்கொண்டு, போன் இருந்த சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். "இருடி, வெக்காத" என்று அவளிடம் மெல்லச் சொல்லிவிட்டு, பேசி முடித்தவளைப் போலக் காட்டிக்கொண்டு, ரிசீவரைப் போன் மேல் வைக்காமல் மேஜையிலேயே சாய்த்து வைத்தேன். தண்ணீர்ச் சொம்பை அதற்கு முன்னால் மறைப்பாக நகர்த்தினேன். பிறகு கேட்டேன்.

"அவ வரலைன்னா உங்களுக்கு என்ன? ஊரே வருதே."

அவர் என்னைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். அதை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"என்ன இப்படிக் கேக்கற? சின்னப் புள்ளையில ரேடியோ முன்னாடி உக்காந்து, 'அப்பா, உள்ள இருட்டா இருக்கா, பயமா இருக்கா'ன்னு கேப்பாளே. யாரு கேக்கறாங்கன்னு எனக்கு என்ன தெரியும்? அவ ஒருத்தி கேக்கறான்னு நெனச்சுத்தான் இத்தன வருஷமும் வாசிச்சேன். கூடவே இருக்கட்டும்னு ஒரு ஆசை, அதான் அந்த வேலைக்குச் சொன்னேன். அவளுக்குப் புடிச்சத அவ பண்ணட்டும். நல்லா வரைவா. விழாவுக்கு அவ வந்தாப் போதும். மத்தவங்க வந்தா என்ன, வராட்டி என்ன?"

மேஜையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் அவசரமாக இருமினேன்.

விழாவில் முன்வரிசையில் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இவர் மைக்கைப் பிடித்து, "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று தொடங்கினார். அந்த மேடைக்கு அதுதான் பொருத்தம். வீட்டில் கேட்டால் நாங்கள் ஓடி ஒளியும் அதே தமிழ் அங்கே எவ்வளவு கம்பீரமாக இருந்தது! நடுவில் பால்காரர் கதையை மட்டும் பேச்சு வழக்கிலேயே சொன்னார். கூடம் சிரித்து ஓய்ந்ததும், "ஆகவே, அன்பர்களே" என்று மறுபடி மேலே ஏறிக்கொண்டார். மகள் என் காதில், "யாரு மேலம்மா கோவம்?" என்று கேட்டாள். இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

மறுநாள் காலை அவள் தன் பழைய அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காபியை அவர் முன்னால் வைத்தேன்.

"அவ எப்படி வந்தாளாம்? எல்லாம் என் மூளை. அன்னைக்கு நீங்க பேசினதெல்லாம் போன்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தா. ரிசீவர நான் வெக்கவே இல்ல. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"மைக் திறந்திருக்கா, மூடியிருக்கான்னு தெரியாமயா நான் இத்தன வருஷம் சோறு தின்னேன்?"

சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். திறந்திருந்த மைக்குக்கு முன்னால் அவர் வீட்டுத் தமிழில் மனதைச் சொன்னது, வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.