நூற்று எண்பதாம் நாள்

செப்டெம்பர் முதலாம் திகதி காலையில் நிருஷா தன் விலகல் கடிதத்தைத் தந்தாள். மத்தியானத்துக்குள் அவளை அழவைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த ஸ்டாப்ளரைத் தூக்கி எறியாதது பெரிய காரியம்.

கல்லடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்து வருடமாக வேலைக்கு ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் என் பொறுப்பு. பெயர் கேதீஸ்வரி. 'கத்துற மிஸ்' என்று எனக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லட்டும்.

நிருஷா ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். வெல்லாவெளியிலிருந்து விடியமுன் பஸ் ஏறுவாள். அவளுடைய மூன்று வயது மகள் தாயைக் காண்பதே ஞாயிற்றுக்கிழமையில்தான். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பதினாறாம் திகதி போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"ஒக்டோபர் முதலாந் திகதி வரைக்கும் நிண்டுதான் ஆகணுமாம் மிஸ்," என்று விக்கினாள். "மனேஜர் சேர் சொல்லிட்டார்."

"ஆரு சொன்ன? அந்த மனிசனுக்கு என்ன விசரா? நீ அழாத புள்ள, கண்ணைத் துட," என்றேன். அவளுடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு மனேஜர் உதயரூபனின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

"சேர், இந்தப் புள்ள மார்ச் மூண்டாந் திகதி சேர்ந்தது. நியமனக் கடிதத்தை வாசிங்க. தகுதிகாண் காலம் ஆறு மாதம். அதுக்குள்ள விலகினா பதினாலு நாள் நோட்டீஸ், அதுக்குப் பிறகெண்டா ஒரு மாதம். கடிதம் தந்த அடுத்த நாளில இருந்து, லீவு நாளும் சேர்த்துத்தான் எண்ணுற."

"ஓம், அதைத்தானே நானும் சொல்றன். தகுதிகாண் காலம் ஓகஸ்ட் இருபத்தொன்பதோட முடிஞ்சு. இண்டைக்குத் தந்தா ஒரு மாத நோட்டீஸ். நாளைக்குத் தொடங்கி ஒக்டோபர் ஒண்டுதான் கடைசி வேலை நாள்."

"என்ன கணக்குச் சேர் இது? மார்ச் மூண்டில சேர்ந்தா ஏப்ரல் ரெண்டோட ஒரு மாதம். அப்பிடியே எண்ணினா செப்டெம்பர் ரெண்டோடதான் ஆறு மாதம். நாளைக்கு வரைக்கும் அவள் தகுதிகாண் காலத்துக்குள்ளதான் இரிக்காள். நாளையில இருந்து பதினாலு நாள், பதினஞ்சாந் திகதி கடைசி வேலை நாள். பதினாறு அவள் புது வேலைக்குப் போகலாம். ஒரு தாயை அந்தரிக்க விட்டுட்டு இதில இருந்து என்ன கணக்குப் பாக்கிறீங்க?"

உதயரூபன் கோபப்படவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"நான் பாக்கல்ல மிஸ். உங்கட ஷீட்தான் பாத்த."

அது நான் செய்த ஷீட்தான். மாதத்துக்கு முப்பது நாள், ஆறு மாதத்துக்கு நூற்று எண்பது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவசரத்தில் நானே போட்ட கணக்கு. மார்ச், மே, ஜூலை, ஓகஸ்ட் எல்லாவற்றுக்கும் முப்பத்தொரு நாள் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அதனால் நிருஷாவின் தகுதிகாண் காலம் நான்கு நாள் முன்பே முடிந்ததாகக் காட்டியது. பத்து வருட அனுபவமாம், மண்ணாங்கட்டி!

நியமனக் கடிதத்தில் மாதம் என்றுதான் இருக்கிறது, நாள் என்று இல்லை. உதயரூபன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பதினைந்தாம் திகதி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நிருஷா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஷீட்டை முதலிலிருந்து பார்த்தேன். ஒரு பெயரில் கண் நின்றது. சதீசன். போன வருடம் ஜூலை முதலாம் திகதி சேர்ந்தவன். டிசெம்பர் முப்பதில் கடிதம் தந்தான். கட்டாரில் வேலை, ஜனவரி இருபதில் அங்கே நிற்க வேண்டும் என்றான். ஷீட்டில் அவனுடைய தகுதிகாண் காலம் டிசெம்பர் இருபத்தேழோடு முடிந்திருந்ததால் ஜனவரி முப்பது வரை அவனைப் பிடித்து வைத்தேன். உண்மையில் டிசெம்பர் முப்பத்தொன்று வரை அவனுக்கு இருந்தது. ஜனவரி பதின்மூன்றில் அவனை விட்டிருக்க வேண்டும். கட்டார் வேலை போய்விட்டது. இப்போது கல்லடிப் பாலத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறான்.

வேலை முடிந்ததும் நேரே அவனிடம் போனேன்.

"வீட்டயா மிஸ்?" என்று சிரித்துக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

"நிப்பாட்டு மனே," என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் மிஸ்," என்றான். "கை முட்டில முப்பது, முப்பத்தொண்டு எண்டு மாதத்தை எண்ணிப் பாத்தனான். உங்களிட்டச் சொல்லக் கதவடி வரைக்கும் வந்த. நீங்க உள்ள ஆரையோ போட்டுக் கத்திக்கொண்டிருந்தீங்க. பயத்தில திரும்பிப் போயிட்டன்."