மணியா, நிமிடமா

உமாராணியின் தம்பி பாண்டிராஜுக்கு அக்காவின் வேலையை நினைத்தாலே சிரிப்பு வரும். அவன் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சாரல் காலம் வந்துவிட்டால் அருவிக்கரையே கதி. அக்காவோ தென்காசியில் ஒரு சர்வே அலுவலகத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, அறிக்கைகளில் பெரிய றவா சின்ன ரவா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பான். சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் போ என்பாள் அவள்.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது அவன் நிற்கிற அருவியைப் பற்றிய அறிக்கை. மலைமேல் ஓடையில் வெள்ளம் ஏறினால் கீழே அருவிக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று போன சாரலில் அளந்திருந்தார்கள். மேலே நீர்மட்டக் கருவியும் கீழே சைரனும் வைப்பதா, எச்சரிக்கைப் பலகையோடு விடுவதா என்று மதியம் கூடுகிற குழு இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். பலகையே போதும் என்றது முடிவுரை. உமாராணிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் முடிவுரை அவள் பொறுப்பு இல்லை. வரைபடத்தின் தலைப்பு, அச்சுப் பெயர், கீழ்க்குறிப்பு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதோடு அவள் வேலை முடிந்தது.

முதல் படத்தில் 'நீர்வறத்து' என்று இருந்தது. திருத்தினாள். இரண்டாவதில் தலைப்பு சென்டிமீட்டர் என்றது, அச்சு மீட்டர் என்றது. அட்டவணையில் 180, 210 என்று எண்கள். ஓடையில் இருநூறு மீட்டர் தண்ணீர் ஓடினால் தென்காசியே இருக்காது. அச்சை மாற்றினாள்.

நாலாவது படத்தில்தான் சிக்கல். தலைப்பில் 'வெள்ளம் வந்துசேரும் நேரம் (மணி)'. அச்சிலும் மணி. கீழ்க்குறிப்பில் மட்டும் 'நேரம் நிமிடங்களில்'.

படங்களைப் போட்டவன் பக்கத்து நாற்காலி பிரின்ஸ். இரண்டு இடத்தில் மணி, ஒரு இடத்தில்தான் நிமிடம், கீழே உள்ளதை மாற்றிவிடுங்கள் அக்கா, பிரிண்ட் போட ஆள் காத்திருக்கிறார் என்றான். ஓட்டு எண்ணி அலகை முடிவுசெய்ய இது என்ன பஞ்சாயத்துத் தேர்தலா? உமாராணி அட்டவணையைத் திறந்தாள்.

14:00, 17:00, 12:00 என்று கட்டங்கள். முதல் கட்டத்தின் நேர வடிவத்தை எடுத்துவிட்டு வெறும் எண்ணாக மாற்றினாள். 0.58 என்று வந்தது. கணினிக்கு ஒரு முழு நாள்தான் ஒன்று. அப்படியென்றால் 0.58 அரை நாளுக்கும் மேலே, பதினாலு மணி நேரம். நான்தான் சொன்னேனே என்றான் பிரின்ஸ்.

அவள் விடவில்லை. களத்தில் அளந்தவர்கள் குறித்த தாளுக்குப் போனாள். மேலே வெள்ளம் ஏறியது 3:10. கீழே வந்தது 3:24. இரண்டும் ஒரே நாள், ஒரே மதியம். பதினாலு நிமிடம் என்று நினைத்து பிரின்ஸ் 14:00 என்று அடித்திருக்கிறான். அதைக் கணினி பதினாலு மணியாக எடுத்துக்கொண்டது. பிறகு படம் போடும்போது கணினி சொன்னதை நம்பித் தலைப்பிலும் மணி என்று அவனே எழுதிவிட்டான். கீழ்க்குறிப்பு மட்டும் களத் தாளில் இருந்தபடியே வந்திருந்தது.

பிரின்ஸின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கை வேகமாக ஓடியது. அந்த எண்களை மட்டும் அறுபதால் வகுத்தான். படத்தில் எல்லாப் பட்டைகளும் தரையோடு படுத்துக்கொண்டன, அச்சின் உச்சம் இன்னும் இருபது மணியில் நின்றதால். அதையும் மாற்றியதும் பட்டைகள் எழுந்தன. தலைப்பு, அச்சு, குறிப்பு மூன்றிலும் நிமிடம்.

முடிவுரையை எழுதியவர் அலுவலக உரிமையாளர் சங்கரநாராயணன். கார்ச் சாவியோடு வாசலில் நின்றார். எழுத்துப் பிழையெல்லாம் பார்த்தாச்சா என்று கேட்டார்.

"எழுத்து சரியாயிட்டு அண்ணாச்சி. முடிவுதான் தப்பா நிக்கி," என்றாள் உமாராணி. "பதினாலு மணி நேரம் இல்ல, பதினாலு நிமிசம். அதுக்குள்ள அத்தன கூட்டத்துல பலகைய எவன் வாசிச்சுட்டு ஏறுவான்? என் தம்பி அங்கனதான் நிக்கான்."

அவர் படத்தைப் பார்த்தார், களத் தாளைப் பார்த்தார். சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முடிவுரையைத் தானே அழித்து, சைரன் கட்டாயம் தேவை என்று புதிதாக எழுதினார். கூட்டத்துக்குத் தாமதமாகத்தான் போனார்.

அடுத்த சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிராஜ் போன் செய்தான். மூச்சு வாங்கியது.

"யக்கா, நீ சொன்னியே, அந்தப் படத்துல இருக்கதுலயே கொறஞ்சது எத்தன நிமிசம் போட்டிருந்த?"

"பன்னெண்டு. ஏன்லே?"

"இன்னைக்குப் பத்துலயே தண்ணி வந்துட்டு. சைரன் அடிச்சதும் நாங்க ஏறிட்டோம். ஒரு ஆளு பாக்கி இல்ல." பிறகு சொன்னான்: "சைரனுக்குக் கீழ பலகையில எச்சரிக்கைக்குப் பெரிய ற போட்டிருக்கான். வந்து பாத்துச் சொல்லு."

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.