உடல் தகுதி இல்லை

"உன் சொந்த விருப்பத்துலதான் குடுக்கறியாம்மா?"

கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்த ஆலோசகர் அம்மாள் கேட்டார். வெளியே பெஞ்சில் அம்மாவும், கால் வீங்கிப்போன அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஏற்றி இறக்கத்தான் பத்தாவதோடு என் படிப்பை நிறுத்தினார்கள். அப்போது எனக்குப் பதினாறு. இப்போது இருபத்திரண்டு.

ரத்தம் பொருந்திவிட்டது. ஒரு நாள் முழுக்க சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்தாயிற்று. மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்து, எந்தக் கிட்னிக்கு எத்தனை ரத்தக்குழாய் என்றுகூட எண்ணிவிட்டார்கள். இந்த அம்மாள் மட்டும்தான் பாக்கி.

நான் தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லு. நான் அக்காவோட டாக்டருக்கு ஆள் இல்ல, உனக்கு ஆள். ஆபரேஷன் மேசைக்குப் போற வரைக்கும் நீ வேண்டாம்னு சொல்லலாம். காரணம் யாருக்கும் தெரியாது. 'தானம் கொடுக்க உடல் தகுதி இல்லை'ன்னு அந்த ஒரு வரி மட்டும்தான் வீட்டுக்குச் சொல்லுவோம்."

எனக்கு அந்த வரி தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணனைப் பற்றி எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதே வரிதான், ஒரு சொல் பிசகாமல். அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் அவளை முதல் நாளே கழித்துவிட்டார்கள். அண்ணன் எல்லாப் பரிசோதனைக்கும் போய்விட்டு, கடைசியில் இதே அறையிலிருந்து வெளியே வந்தான். "பாவம், என் பிள்ளைக்கும் உள்ளுக்குள்ள என்ன கோளாறோ" என்று அம்மா அழுதாள். அன்றிலிருந்து அவனுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால் கூடுதல்.

"என்னம்மா யோசிக்கற?"

நானும் அந்த வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். பெஞ்சில் அக்கா முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"என் விருப்பம்தான்," என்றேன்.

இடது பக்கத்தை எடுத்தார்கள். வயிற்றில் மூன்று துளை, அடியில் ஒரு விரல் நீளத் தழும்பு. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஊதிய காற்று தோள்பட்டையில் ஏறிக்கொண்டு குத்தியது. வெட்டியது வயிற்றை, வலித்தது தோள். மறுநாள், சிறுநீர் இறங்கப் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா அறைவரை நடந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பையில் சிறுநீர் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக் கைகூப்பினாள். என்னைப் பார்த்து, "மெல்ல நட, தடுக்கி விழுந்து வைக்காத," என்றாள்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததை மூன்றாம் வாரமே வீடு மறந்துவிட்டது. பழம் வாங்கி வந்தவர்கள் எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். நியாயம்தான். நோயாளி அவள். நான் நன்றாக இருந்தவள், அதனால்தானே எடுத்தார்கள்.

அக்கா வேலைக்குப் போனாள், சதை போட்டாள், சிரித்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் விஷயம் தெரிந்ததும் போனை எடுக்கவில்லை. தலைவலி வந்தாலும் கண்ட வலி மாத்திரை போடக் கூடாது. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுப்பேன். வருடம் ஒருமுறை ரத்தம், சிறுநீர், பிரஷர். அதற்கு நான் தனியாகப் போவேன்.

ஐந்தாம் வருடம் பிரஷர் ஏறியிருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை.

"பயப்படாதீங்க, கொடுத்தவங்க நிறைய பேர் நல்லாத்தான் இருக்காங்க," என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணை வெச்சுக்கிட்டு பிரஷரை விடக் கூடாது. இனி மாத்திரை உண்டு. உப்பைக் குறைங்க."

அன்று வீட்டில் அண்ணன் இருந்தான். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருபத்தேழு வயசுல பிரஷரா? எதையும் வெளிய சொல்லாம மனசுல போட்டுப் பூட்டினா ஏறத்தான் செய்யும். ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

அம்மா சிரித்தாள். அக்கா, "சும்மா இருடா," என்றாள்.

"நான் என்ன பண்றது? என் உடம்பு மட்டும் ஒத்துழைச்சிருந்தா இவளை மேசையில ஏற விட்டிருப்பேனா?"

"அண்ணா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உனக்கு என்ன கோளாறுன்னு சொன்னாங்க?"

"என்னமோ சொன்னாங்க. யாருக்கு ஞாபகம்?"

"அங்க கோளாறு கண்டுபிடிச்சா சும்மா விட மாட்டாங்க. எந்த டாக்டரைப் பாக்கணும், என்ன டெஸ்ட் எடுக்கணும்னு எழுதிக் கொடுப்பாங்க. உனக்கு எழுதிக் கொடுத்தது எங்க? ஆறு வருஷமாச்சு, ஒரு தடவைகூட நீ போகலையே. நாளைக்கு என்னோட வா, பாத்துடலாம்."

அம்மா பதறினாள். "ஆமாடா, போய்ட்டு வந்துடுடா."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல வெளுத்தது.

அண்ணன் மாத்திரை அட்டையை மேசையில் வைத்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், தெருவில் இறங்கிப் போனான்.