ராசனுக்கு எழுதின கடிதம்

"ஐயோ, மூண்டேகால்!" எண்டு நான் கத்தினதில விசா நிலையத்தில இருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தினம். பார்க்கட்டும். நாலு மணிக்கு மூடிடுவினம்.

நானும் யோகராணியும் டூங்கபி எண்ட ஊரில ஒரு முதியோர் இல்லத்தில ஆறு வருசமா ஒண்டா வேலை செய்யிறம். அவவின்ர தம்பிக்கு ரொறொன்ரோவில கலியாணம். இண்டைக்கு இரவு எட்டு மணிக்குப் பிளேன். கனடா விசா குத்தின பாஸ்போர்ட் வந்திட்டுதெண்டு காலமைதான் மெசேஜ் வந்தது. வேலைக்கு ஆள் குறைவு, அவவால அசைய ஏலாது. எனக்கு லீவு.

"ராசண்ணை, உங்களை விட்டா எனக்கு ஆர்?" எண்டு கண்கலங்கி, பாஸ்போர்ட்டை என்னட்டைக் குடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சு, ரசீதோடயும் தன்ர லைசென்ஸ் கொப்பியோடயும் உறையில போட்டு ஒட்டித் தந்தா. நானும் திறந்து பார்க்காமலே கொண்டு வந்திட்டன், மடையன்!

கவுண்டரில இருந்த பொம்பிளைப்பிள்ளை என்ர லைசென்ஸையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"கடிதத்தில ராசன். லைசென்ஸில அருந்தவன் சுப்பிரமணியம். இது ஆர்?"

"இரண்டும் நான்தான்! ராசன் வீட்டில கூப்பிடுற பேர்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்விதான், அதுதான் இன்னும் கோபம் வந்தது. ராசனை வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதுவமெண்டு பேனையை எடுத்தன்.

"நீங்கள் மாத்தினால் அந்தக் கடிதம் செல்லாது. அவவே புதுசா எழுதி, கையெழுத்து வைச்சு, விண்ணப்பத்தில குடுத்த ஈமெயிலில இருந்து அனுப்பட்டும். நாலு மணிக்கு மூடிடுவம்."

பேனையை வைச்சிட்டு யோகராணிக்குப் போன் எடுத்தன்.

"உங்கட பேர் ராசன் இல்லையோ?" எண்டு அலறினா.

"ஆறு வருசமாக் கேக்காமல் இப்ப கேக்கிறியே! லைசென்ஸைப் படமெடுத்து அனுப்புறன், அதில இருக்கிற மாதிரியே எழுது. கெதியா!"

மூண்டரை. மூண்டே முக்கால். கதிரையில இருக்கவும் முடியேல்லை, நிக்கவும் முடியேல்லை. நாலுக்கு ஆறு நிமிசம் இருக்கேக்க அந்தப் பிள்ளை கையைக் காட்டிக் கூப்பிட்டா. கடிதம் வந்திட்டுது! பாஸ்போர்ட்டில இருக்கிற கையெழுத்தோட ஒப்பிட்டுப் பார்த்து, "இதில சைன் பண்ணுங்கோ" எண்டா. அருந்தவன் எண்டு வைச்சன்.

விமான நிலையத்தில சனக்கூட்டம். பாஸ்போர்ட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அவவைத் தேடினன். எங்கயோ ஒரு பொம்பிளை, "அருந்தவன் அண்ணை! அருந்தவன் அண்ணை!" எண்டு கத்திக்கொண்டிருந்தா. பாவம், ஆரையோ துலைச்சிட்டா போல எண்டு நினைச்சு நான் மற்றப் பக்கம் நடந்தன்.

"ராசண்ணை!"

திரும்பினன். வேலை உடுப்போடயே, பெட்டியை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தா யோகராணி.