இருபத்தைந்து ஆம்பியர்

நெமிலிச்சேரி செல்போன் டவரின் பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று என்ஜினீயர் பாஸ்கரன் கணக்குப் போட்டுவிட்டார். மின்வாரியம் மறுநாள் முதல் பத்து நாளைக்குக் கம்பி மாற்றுகிறது. காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை கரண்ட் இராது.

"பத்து மணி நேரந்தானே. இங்க ஜெனரேட்டர் எதுக்கு? முத்தாபுதுப்பேட்டை டவருக்கு ஏத்துங்க" என்றார்.

லாரி டிரைவர் கோதண்டம் கயிற்றோடு இறங்கினார். "இன்னா வேம்புலி, கை குடுக்கறியா, கல்லு மாதிரி நின்னுகினே கீறியா?"

டவரைப் பார்த்துக்கொள்ளும் வேம்புலியின் கண் பாஸ்கரன் கையிலிருந்த நோட்டில் இருந்தது. டவர் இழுக்கும் கரண்டை அதில் தினமும் 'லோடு: 25 ஆம்பியர்' என்று எழுதியிருந்தது அவன்தான். மனைவி சொர்ணம் இறந்துபோன பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியவன், அன்றிலிருந்து ஒரு நாளும் மீட்டரைப் பார்க்கவில்லை. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியை எழுதினான். கை எழுதியது, அவ்வளவுதான்.

அவன் லீவில் இருந்தபோது டவர் அறைக்குள் இரண்டாவது சிக்னல் கருவிப் பெட்டி வந்து, அதே பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தான்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளைப் பகலிலேயே டவர் செத்துப் போகும்.

"சார், அந்த இருபத்தஞ்சு பொய். நான் மேல கீறத பாத்து எழுதிகினே வந்துட்டேன்."

கோதண்டம் கயிற்றைக் கீழே போட்டார். பாஸ்கரன் டவர் அறைக்குள் போனார். கரண்டை மாற்றித் தரும் ரெக்டிஃபயரின் மீட்டரில் லோடு ஐம்பது காட்டியது.

"பேட்டரி நானூறு ஆம்பியர்-ஹவர் சார். முழுக்க உறிஞ்சினா செல்லு கெட்டுடும். நூத்துக்கு எம்பது எடுத்தா முன்னூத்தி இருவது. அத்த ஐம்பதால வகுத்தா ஆறரை கூட வராது. வேகமா இறக்கினா இன்னும் கொறையும். ஆறுன்னு வச்சிக்க சார். மீதி நாலு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடணும். நான் அரை மணி முன்னாடியே போட்டுடுவேன். ராத்திரி பதினாலு மணி நேரம் கரண்ட் கீது, மறுபடி நெறஞ்சிடும்." குரல் வேம்புலிக்கே புதிதாக இருந்தது.

"இவ்ளோ தெரிஞ்சவனா மீட்டரைப் பாக்கல?"

"பாக்கத் தோணல சார்."

பாஸ்கரனுக்கு அவன் வீட்டுச் சங்கதி தெரியும். நோட்டை அவனிடமே நீட்டினார். "ஜெனரேட்டர் இங்கயே இருக்கட்டும். நாளைலேர்ந்து மணிக்கு ஒரு தரம் எழுது. பாத்து எழுது."

"அப்போ நான் வெறுங்கையோட போறதா அண்ணாத்தே?" என்றார் கோதண்டம் வேம்புலியிடம்.

"டீ குட்சிட்டு போ மாமே" என்றான் வேம்புலி.

மறுநாள் ஒன்பதுக்குக் கரண்ட் போனது. வேம்புலி மீட்டர் முன் நின்று 50 என்று எழுதினான். வோல்டேஜ் மணிக்கு மணி இறங்கிற்று. சரியாக இரண்டரைக்கு ஜெனரேட்டரை முடுக்கினான். ஏழு மணிக்குக் கரண்ட் வரும்வரை டவர் ஒரு நொடியும் நிற்கவில்லை.

அடுத்த வரியில் 51 எழுதினான். மீட்டர் அப்படித்தான் காட்டியது.